நேர்முகத் தேர்வுக்கு முன்னரே கேட்கப்பட்ட அறிமுகக் காணொளி: ஹட்டன் பக்கத்து நிகழ்வொன்று

ஹட்டனில் வேலை தேடும் இளைஞர்களுக்கு விண்ணப்பம் எழுதவும் நேர்முகத் தேர்வுக்குத் தயாராகவும் உதவும் ஒரு சிறு வழிகாட்டல் மேசையில் பதிவான நிகழ்வு இது. சம்பந்தப்பட்ட யுவதியின் சம்மதத்தோடு எழுதப்படுகிறது. ஆட்களின் பெயர், கம்பனிகளின் பெயர், தோட்டத்தின் பெயர் எதுவும் இதில் இல்லை.

பின்னணி

யுவதிக்கு வயது இருபத்திரண்டு. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் குடியிருப்பு. அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பா கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்து முடித்தபின் ஹட்டன் டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலைக்குப் போனார். ரீலோட் போடுவது, போட்டோ கொப்பி எடுப்பது, ஒன்லைன் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது ஆகியவை அங்கே அவருடைய வேலை. மாலையில் ஆங்கில வகுப்பு. பேச்சு ஆங்கிலம் சரளம் என்று சொல்ல முடியாது. ஆனால் பிழையில்லாமல், நிதானமாகப் பேசுவார்.

கொழும்பில் இயங்கும் ஒரு கம்பனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு ஆள் எடுப்பதாக விளம்பரம் வந்தது. ஹோட்டல் முன்பதிவு செய்யும் வெளிநாட்டு விருந்தினர்களுக்கு மின்னஞ்சலிலும் சட் செய்திகளிலும் பதில் எழுதுவதே வேலை. வீட்டிலிருந்தும் செய்யலாம் என்று போட்டிருந்தார்கள். அவர் விண்ணப்பித்தார். சில நாட்களில் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் கம்பனியின் ஆள் அல்ல, கம்பனிக்காக ஆள் தேடிக் கொடுக்கும் ஒரு முகவர் நிறுவனத்தின் ஆட்சேர்ப்பாளர்.

வந்த வேண்டுகோள்

செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. விண்ணப்பத்துக்கு நன்றி, அடுத்த கட்டத்துக்குப் போக ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரையிலான அறிமுகக் காணொளி ஒன்றை நாளை மாலை ஐந்து மணிக்கு முன் அனுப்பவும், உங்களைப் பற்றியும் இந்த வேலையை ஏன் விரும்புகிறீர்கள் என்றும் பேசவும் என்று எழுதியிருந்தது. கடைசி வரி கொஞ்சம் வித்தியாசமாக இருந்தது. காணொளியின் ஆரம்பத்தில் முழுப் பெயரையும் தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் சொல்லி, அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டவேண்டுமாம். நேர்முகத் தேர்வு எப்போது, யார் நடத்துவார்கள் என்று ஒரு வார்த்தையும் இல்லை.

"மிஸ், நாளைக்கு அஞ்சு மணிக்கு முன்னுக்கு அனுப்பச் சொல்லியிருக்காங்க. இன்னைக்கு ராத்திரியே எடுத்துறவா?" என்று கேட்டுக்கொண்டுதான் அவர் மேசைக்கு வந்தார். கூட வந்திருந்த அம்மா வேறொன்றைக் கேட்டார்: "படத்த அனுப்புனா யாரு யாரு பாப்பாங்கன்னு கேட்டியா புள்ள?"

அம்மாவின் கேள்வியிலிருந்தே நாங்கள் தொடங்கினோம்.

நேர்முகத்துக்கு முன் காணொளி கேட்பதே மோசடி என்று நினைக்கத் தேவையில்லை. இப்படிப்பட்ட வேலைகளுக்கு விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கில் வரும். ஒவ்வொருவரோடும் பத்து நிமிடம் பேசிப் பார்ப்பதற்குப் பதிலாக ஒன்றரை நிமிடக் காணொளியைப் பார்த்தால், ஆங்கிலம் புரியும்படி வருகிறதா, கேட்டதைக் கேட்டபடி செய்கிற ஆளா என்பது ஆட்சேர்ப்பாளருக்குத் தெரிந்துவிடும். அவருக்கு அது நேரமிச்சம். விண்ணப்பிப்பவருக்கோ அது கூலியில்லாத அரை நாள் வேலை. அதோடு முகமும் குரலும் கையைவிட்டுப் போகின்றன. ஆகவே அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முன்னர், கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார், பிறகு அந்தக் காணொளிக்கு என்ன ஆகும் என்ற மூன்றும் தெரியவேண்டியிருந்தது.

முதலில் சரிபார்த்தவை

செய்தியில் இருந்த தொலைபேசி இலக்கத்தையோ இணைப்பையோ நாங்கள் தொடவில்லை. மோசடியாக இருந்தால் அவை இரண்டும் மோசடிக்காரருடையவைதானே. கம்பனியின் இணையதளத்தை நாங்களாகத் தேடித் திறந்தோம். வேலைவாய்ப்புப் பக்கத்தில் அதே பதவி இருந்தது. அங்கிருந்த பொது இலக்கத்துக்கு யுவதியே அழைத்து, இந்தப் பதவிக்கு வெளி முகவர் நிறுவனம் எதையாவது அமர்த்தியிருக்கிறீர்களா என்று கேட்டார். வரவேற்பில் இருந்தவருக்குத் தெரியவில்லை. மனிதவளப் பிரிவுக்கு மாற்றிவிட்டார். அங்கிருந்தவர் முகவர் நிறுவனத்தின் பெயரை உறுதிப்படுத்தினார். காணொளி பற்றிக் கேட்டபோது, "அது அவர்களுடைய நடைமுறை, நாங்கள் கேட்கச் சொல்லவில்லை" என்றார்.

முகவர் நிறுவனத்தின் பெயரைக் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத் தேடலில் போட்டுப் பார்த்தோம். பதிவு இருந்தது. பதிவு இருப்பதால் மட்டும் ஒரு நிறுவனம் நேர்மையானது என்றாகிவிடாது. ஆனால் இல்லாத நிறுவனம் அல்ல என்பது தெரிந்தது. வட்ஸ்அப்பில் பேசியவர் உண்மையிலேயே அங்கே வேலை செய்பவர்தானா என்று அறிய, நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து இதே வேண்டுகோளை அனுப்பும்படி கேட்டோம். ஒரு மணித்தியாலத்துக்குள் வந்தது. ஆள் அசல்தான்.

இது வெளிநாட்டு வேலையாக இருந்திருந்தால் பாதை வேறு. அப்போது முதலில் பார்க்கவேண்டியது இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் அந்த முகவருக்கு இருக்கிறதா என்பதை. பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். அனுமதிப்பத்திரம் இல்லையென்றால் காணொளியைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை.

அடையாள அட்டை வரி

ஆள் அசல் என்று தெரிந்ததும் யுவதி அட்டையைக் காட்டத் தயாராகிவிட்டார். நாங்கள் அந்த ஒரு வரிக்கு மட்டும் இணங்கவேண்டாம் என்றோம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் இந்த வரி இப்போது பல வேண்டுகோள்களில் சும்மா ஒட்டிக்கொண்டு வருகிறது.

புதிய அடையாள அட்டை இலக்கம் பன்னிரண்டு இலக்கம் கொண்டது. முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது. பெண்ணென்றால் அந்த எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆக, இலக்கத்தைச் சொல்லும்போதே பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் வெளியே போகின்றன. அட்டையைக் காட்டும்போது பின்பக்கமும் தெரிந்தால் முகவரியும் சேர்ந்து போகிறது. இவற்றோடு அசையும் முகமும், பெயரைச் சொல்லும் குரலும் ஒரே காணொளியில் இருந்தால், அது இணையவழியில் கணக்குத் திறக்கும்போது ஆளை அடையாளம் காணக் கேட்கப்படும் காணொளிக்குக் கிட்டத்தட்டச் சமம். அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடி, பெயரைச் சொல், தலையை இடப்பக்கம் வலப்பக்கம் திருப்பு என்பவை அங்கே கேட்கப்படுபவை. வேலைக்கான அறிமுகத்தில் அவற்றுக்கு இடமே இல்லை. முகவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அந்தக் கோப்பு அவருடைய கைப்பேசியிலும் அலுவலகக் கணினியிலும் எத்தனை பேர் கைக்கு எட்டும் என்பதை அவராலும் சொல்லமுடியாது.

அடையாளத்தை உறுதிப்படுத்தவேண்டிய நேரம் ஒன்று உண்டு. வேலை தருவதாக எழுத்தில் வந்தபின், நியமனக் கடிதத்துக்கும் ஊழியர் சேமலாப நிதிப் பதிவுக்கும் இலக்கம் கட்டாயம் வேண்டும். அப்போது கொடுப்பதில் தயக்கம் தேவையில்லை.

அனுப்பிய பதில்

மறுப்பதாக இல்லாமல் இணங்கி, நிபந்தனையைச் சொல்லும் பதிலாக எழுதுவது என்று முடிவெடுத்தோம். இந்தக் கட்டத்தில் முகவரின் கையில் வேறு நூறு பேர் இருக்கிறார்கள். நீளமாக எழுதினால் அவர் அடுத்தவரிடம் போய்விடுவார். யுவதி ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியதன் சாரம் இது:

"வேண்டுகோளுக்கு நன்றி. காணொளியை நாளை நான்கு மணிக்குள் அனுப்பிவைக்கிறேன். அடையாள அட்டை விபரங்களை வேலை உறுதியானதும் நேரடியாகத் தருகிறேன், காணொளியில் சேர்க்கவில்லை. இதை யார் பார்ப்பார்கள், தெரிவு முடிந்ததும் அழித்துவிடுவீர்களா என்று அறியத்தந்தால் நல்லது. உங்களுக்கு வசதியென்றால் காணொளிக்குப் பதிலாகப் பத்து நிமிடம் தொலைபேசியில் பேசவும் தயார்."

கடைசி வரியைச் சேர்க்கவேண்டுமா என்று எங்களுக்குள்ளே விவாதம் வந்தது. காணொளி எடுக்க மனமில்லாதவர் என்று முகவர் நினைத்துவிடுவாரோ என்பது யுவதியின் பயம். நான் சேர்க்கச் சொன்னேன். ஒரு முகவர் பத்து நிமிடம் பேசவே மாட்டேன் என்றால் அதுவும் தெரிந்துகொள்ளவேண்டிய விஷயம்தான்.

பதில் அன்றிரவே வந்தது. அட்டை தேவையில்லை, அது பொதுவாக எல்லோருக்கும் அனுப்பும் வாசகம். காணொளியைக் கம்பனியின் தெரிவுக்குழு மட்டும் பார்க்கும். தொலைபேசியில் பேச நேரமில்லை, ஆட்கள் அதிகம். அழிப்பது பற்றிய கேள்விக்குப் பதில் இல்லை.

இவ்வளவு தெரிந்தபின் அனுப்பலாம் என்று யுவதி முடிவெடுத்தார். அம்மாவும் சரி என்றார், முழு மனதோடு அல்ல.

என்ன பேசுவது

அவர் முதலில் எழுதிக்கொண்டு வந்தது, பாடசாலையில் ஆங்கிலப் பாடத்துக்கு எழுதும் 'என்னைப் பற்றி' கட்டுரை. பெயர், வயது, தோட்டம், அப்பா அம்மா என்ன செய்கிறார்கள், படித்த பாடசாலை, பொழுதுபோக்கு, கடைசியில் "நான் கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்யக்கூடியவள்". இதில் பாதி ஏற்கனவே விண்ணப்பத்தில் இருக்கிறது. மீதிப் பாதி வேலைக்குச் சம்பந்தமில்லாதது. வயதும் குடும்பமும் இடமும் தெரிந்தால் பார்ப்பவர் மனதில் வேலைக்கு வெளியே ஒரு கணக்கு ஓடத் தொடங்கும். அதற்கு நாமே அடியெடுத்துக் கொடுக்கக்கூடாது. தோட்டத்தின் பெயரைச் சொல்வதா என்று அவரே கேட்டார். மறைக்கவேண்டிய விஷயம் அல்ல அது. ஆனால் முகவரி எவருக்கும் காணொளியில் தேவையில்லை. "ஹட்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன்" என்று வைத்துக்கொண்டார்.

கொமியூனிகேஷன் கடையில் வாடிக்கையாளர் யாராவது கோபத்தோடு வந்த சம்பவம் உண்டா என்று கேட்டோம். யோசிக்காமலே சொன்னார். ஒரு பெரியவர் சிறு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டுவந்த இலக்கத்துக்கு இவர் ரூபா 500 ரீலோட் போட்டார். காகிதத்தில் இருந்த 1 ஐ 7 என்று வாசித்துவிட்டார். காசு வேறு யாருக்கோ போய்விட்டது. பெரியவர் கடையில் நின்று சத்தம் போட்டார். இவர் அவரை உட்கார வைத்து, குறுஞ்செய்தியில் வந்த பரிமாற்ற இலக்கத்தை எடுத்து, கடைக்காரர்களுக்கான சேவை இலக்கத்துக்கு அழைத்து விபரம் சொன்னார். அந்தக் காசு இன்னும் செலவாகியிருக்கவில்லை, திரும்பக் கிடைத்தது. அதிலிருந்து எந்த இலக்கத்தையும் வாடிக்கையாளருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டியபின்தான் அனுப்புகிறார்.

வாடிக்கையாளர் சேவைக்கு ஆள் தேடுகிறவர் கேட்க விரும்பும் எல்லாமே இந்தக் கதையில் இருக்கிறது: ஆத்திரத்தோடு நிற்பவர், பிழையை ஏற்றுக்கொண்டது, வழியைத் தேடியது, அடுத்த முறை நடக்காதபடி செய்தது. காணொளியின் நடுப்பகுதி முழுவதையும் இதற்கே கொடுத்தோம். முன்னால் பெயரும் இப்போது செய்யும் வேலையும் இரண்டு வசனம். பின்னால் வேலைநேரமும் எப்போதிலிருந்து வரமுடியும் என்பதும் இரண்டு வசனம். "கடின உழைப்பாளி" போய்விட்டது.

நிதானமாகப் பேசுபவர் ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 சொற்கள் பேசுவார். ஒன்றேகால் நிமிடத்துக்கு 150 சொற்கள் போதும். முதலில் எழுதியதில் 300 க்குக் கிட்ட இருந்தது. அதை ஒன்றரை நிமிடத்துக்குள் அடைக்க முயன்றால் மூச்சுவிடாமல் ஓடவேண்டும். அப்படி ஓடும்போதுதான் உச்சரிப்பு குழம்பும். வெட்டியபின் முழு வசனங்களையும் மனப்பாடம் செய்யவேண்டாம் என்று சொல்லி, ஐந்து சொற்களை மட்டும் பெரிய எழுத்தில் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தோம். மனப்பாடம் செய்தவர் ஒரு சொல் தடக்கினால் மொத்தமும் நின்றுவிடும். காகிதத்தைப் பார்த்து வாசிப்பவரின் கண் இடமிருந்து வலமாக ஓடுவது திரையில் அப்படியே தெரியும்.

பதிவு செய்தது

வீட்டில் எடுப்பதாகத்தான் முதலில் திட்டம். லயத்து வீட்டில் இரண்டு சிக்கல். காம்பராவில் ஒரே ஜன்னல், அதுவும் சிறியது. மதியத்துக்குப் பிறகு மழை பிடித்தால் தகரக் கூரையின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் சுவரைத் தாண்டி வரும். இஸ்தோப்பில் வெளிச்சம் நன்றாக இருக்கும், ஆனால் அங்கே நின்று பேசினால் லயமே கூடி நின்று பார்க்கும்.

மழை வரமுன், காலை பத்து மணிக்கு, எங்கள் மேசை இருக்கும் கட்டடத்தின் மாடி அறையில் எடுத்தோம். கைப்பேசியை ஜன்னல் விளிம்பில் புத்தகங்களை அடுக்கி அதன்மேல், கண் உயரத்தில் படுக்கையாக வைத்தோம். அவர் ஜன்னலைப் பார்த்தபடி ஒரு மீற்றர் தள்ளி உட்கார்ந்தார். ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கறுத்துவிடும். அன்று பனிமூட்டமாக இருந்தது உதவியாகவே அமைந்தது, முகத்தில் வெயிலின் கூர்மையான நிழல் விழவில்லை. பின்னால் வெறும் சுவர். அதில் தொங்கிய நிறுவனத்தின் பெயர் போட்ட கலண்டரைக் கழற்றினோம். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டோம், இல்லையென்றால் நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றுவிடும். கமரா கண்ணாடியைத் துணியால் துடைத்தோம். பார்க்க அற்பமான வேலை, ஆனால் எண்ணெய்க் கையால் பிடித்த கைப்பேசியில் எடுத்த காணொளி முழுவதும் புகை படிந்ததுபோல் வரும்.

ஒலிக்குக் காதில் மாட்டும் வயரோடு வரும் ஹேண்ட்ஸ்பிரீயின் மைக் போதுமாக இருந்தது. முதலில் ஒரு சிறு துண்டு எடுத்துக் கேட்டபோது மைக் கழுத்துச் சங்கிலியில் உரசும் சத்தம் வந்தது. சங்கிலியைக் கழற்றியதும் சரியாகிவிட்டது.

முதல் பதிவுகளில் அவர் திரையில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசினார். கமரா ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிறு துண்டு ஒட்டுத்தாளை ஒட்டி, அதைப் பார்த்துப் பேசச் சொன்னோம். கடைசியில் தெரிவு செய்த பதிவில் ஓர் இடத்தில் ஒரு சொல்லைத் தவறவிட்டு, திருத்திக்கொண்டு தொடர்கிறார். அவருக்கு அது உறுத்தியது. திரும்ப எடுக்கவேண்டாம் என்றேன். வாடிக்கையாளரோடு பேசும்போதும் அப்படித்தானே நடக்கும்.

அனுப்பியது

அந்தக் கைப்பேசியில் 1080 தரத்தில் எடுத்த கோப்பு 150 மெகாபைட்டைத் தொட்டது. மின்னஞ்சலில் இணைப்பாகப் போகாது, ஜிமெயிலின் எல்லை 25 மெகாபைட். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், படம் மங்கும். அதைவிட முக்கியம், வட்ஸ்அப்பில் போன பிரதியைப் பெற்றவர் யாருக்கும் தட்டிவிடலாம், நாம் திரும்ப எடுக்கமுடியாது. ஆகவே 720 தரத்துக்கு மாற்றி, கூகுள் டிரைவில் ஏற்றி, இணைப்பை மின்னஞ்சலில் அனுப்புவது என்று முடிவு. தோட்டத்துப் பக்கம் சிக்னல் ஒரு கோட்டுக்கும் இரண்டு கோட்டுக்கும் இடையில் ஆடும். டவுனிலேயே ஏற்றிவிட்டோம்.

டிரைவில் பலரும் தடக்கும் இடம் அனுமதிதான். ஏற்றிய கோப்பு Restricted என்ற நிலையில்தான் இருக்கும். அப்படியே இணைப்பை அனுப்பினால் முகவர் அனுமதி கேட்டு நிற்கவேண்டும். அவர் நிற்கமாட்டார், மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பார். Anyone with the link என்று மாற்றி, பக்கத்தில் Viewer என்று வைத்தோம். பார்ப்பவர்கள் தரவிறக்கம் செய்யும் வசதியையும் அமைப்புக்குள் போய் நிறுத்தினோம். இதனால் திரையை வேறொரு கைப்பேசியால் படம் பிடிப்பதைத் தடுக்கமுடியாது. சும்மா தட்டிவிடுவதை மட்டும் தடுக்கும். பிறகு யுவதியின் கணக்குக்குள் நுழையாத என்னுடைய கைப்பேசியில் இணைப்பைத் திறந்து பார்த்தோம். ஏற்றிய உடனே திறந்தால் காணொளி இன்னும் தயாராகிறது என்ற அறிவிப்புத்தான் வரும். அது ஓடத் தொடங்கும்வரை காத்திருந்து, மூன்றரை மணிக்கு அனுப்பினார்.

மாலை ஆறு மணிக்கு வட்ஸ்அப்பில் முகவரிடமிருந்து செய்தி. அலுவலகக் கணினியில் டிரைவ் இணைப்புகள் திறக்காது, கோப்பை இங்கேயே அனுப்பிவிடுங்கள். யுவதி அப்போது தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் இருந்தார். எங்களைக் கேட்க நேரமில்லை. அனுப்பிவிட்டார். அவர் நிலையில் இருக்கும் எவரும் அதைத்தான் செய்திருப்பார்.

பின் நடந்தவை

ஒரு வாரம் சத்தமில்லை. பிறகு கம்பனியிலிருந்தே நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது, இணையவழியில் இரண்டு பேர் நடத்தினார்கள். முதல் கேள்வி, "உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்." காணொளியை அவர்கள் இருவரும் பார்த்திருக்கவில்லை. யுவதி அதே ரீலோட் சம்பவத்தைச் சொன்னார், அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மேலும் கேள்வி கேட்டார்கள். இரண்டாவது நபர், பெரியவருக்குக் காசு திரும்பக் கிடைக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டார். தன் சம்பளத்திலிருந்து கொடுக்கமுடியுமா என்று முதலாளியிடம் கேட்டிருப்பேன் என்றாராம். ஆக, காணொளி அவரைத் தெரிவுசெய்ய வைத்தது என்று சொல்லமுடியாது. முகவரின் கதவைத் திறந்தது, நேர்முகத்துக்கான ஒத்திகையாகவும் அமைந்தது.

இதற்கிடையில் வேறொன்று நடந்தது. நேர்முகத்துக்கும் முடிவுக்கும் இடையிலான நாட்களில், அவர் விண்ணப்பிக்கவே செய்யாத ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. உங்கள் காணொளியைப் பார்த்தோம், தொலைபேசியில் காப்புறுதி விற்கும் வேலை இருக்கிறது, சம்பளம் இல்லை, தரகுப் பணம் மட்டும் என்றார்கள். முகவர் அதே கோப்பைத் தன் இன்னொரு வாடிக்கையாளருக்கு அனுப்பியிருந்தார். தெரிவுக்குழு மட்டும் பார்க்கும் என்று எழுத்தில் சொன்னது அவர்தான். அம்மா முதல் நாள் கேட்ட கேள்விக்கு இப்படியொரு விடை கிடைத்தது.

யுவதி அந்த வேலையை மறுத்தார். முகவருக்குக் கோபத்தோடு எழுத நினைத்தார். நேர்முக முடிவு இன்னும் அவர் வழியாக வரவேண்டியிருந்தது. எனவே சுருக்கமாக, நீங்கள் கொடுத்த பதிலில் கம்பனியின் தெரிவுக்குழு மட்டும் பார்க்கும் என்று இருந்தது, வேறெங்கும் அனுப்பமுன் என்னிடம் கேளுங்கள், அந்த மற்ற நிறுவனத்திடமுள்ள பிரதியை அழிக்கச் சொல்லுங்கள் என்று, அவருடைய பழைய செய்தியை மேற்கோள் காட்டி எழுதினார். மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது. அழித்துவிட்டதாகவும் சொன்னார். நிரூபிக்க வழியில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதையும் தரவை அழிக்கக் கேட்பதையும் உரிமையாக வைத்திருக்கிறது. ஆனால் அதைக் காட்டி ஒரு வட்ஸ்அப் பிரதியைத் துரத்திப் போவது வேலை தேடும் ஒருவருக்கு நடக்கிற காரியமில்லை.

கம்பனியின் முடிவு சாதகமாக வந்தது, ஒரு மாற்றத்தோடு. வீட்டு இணைய இணைப்பின் வேகத்தைச் சோதித்து அனுப்பச் சொன்னார்கள். மழை நேரத்தில் எடுத்த சோதனை அவர்கள் கேட்ட அளவுக்கு வரவில்லை. அதனால் வீட்டிலிருந்து வேலை இல்லை, கண்டியிலுள்ள அலுவலகத்தில் இடம் தருவதாகச் சொன்னார்கள். டிக்கோயாவிலிருந்து அன்றாடம் போய்வரும் தூரமல்ல. அம்மாவின் அக்கா மகள் கண்டியில் தங்கியிருந்ததால் முடிவெடுப்பது சுலபமாயிற்று. நியமனக் கடிதம் வந்தபின் அடையாள அட்டை இலக்கத்தைக் கம்பனிக்கு நேரடியாகக் கொடுத்தார். டிரைவில் இருந்த காணொளியையும் அன்றே அழித்தார்.

இப்போது மாற்றிச் செய்பவை

சரிபார்த்த விதத்தையும் அட்டையைக் காட்ட மறுத்ததையும் அப்படியே வைத்திருக்கிறோம். மாறியது காணொளியின் முதல் வசனம். அந்தக் காணொளியில் "இந்த வேலைக்கு" என்று மட்டும் சொல்லியிருந்தார். அதனால்தான் காப்புறுதி விற்கும் இடத்துக்கும் அது பொருந்தியது. இப்போது மேசைக்கு வருபவர்களை, கம்பனியின் பெயர், பதவியின் பெயர், மாதம், ஆண்டு ஆகியவற்றை முதல் வசனத்திலேயே சொல்ல வைக்கிறோம். "இன்ன கம்பனியின் இன்ன பதவிக்காக இன்ன மாதம் பதிவு செய்கிறேன்" என்று தொடங்கும் காணொளியை வேறொருவருக்கு அனுப்ப முகவருக்கே கூச்சமாக இருக்கும். கம்பனி பெயரைச் சொல்லவே முகவர் தயங்கினால், காணொளிக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று பொருள்கொள்கிறோம்.

டிரைவ் இணைப்பு திறக்காது என்ற பதில் வரும் என்று எதிர்பார்த்தே அனுப்பச் சொல்கிறோம். அதற்கு யூடியூபில் Unlisted என்று ஏற்றிய இரண்டாவது இணைப்பு தயாராக இருக்கவேண்டும். இணைப்பு தெரிந்த எவரும் அதைப் பார்க்கலாம்தான், ஆனால் வேலை முடிந்ததும் நாமே அழிக்கலாம். இரண்டும் திறக்காவிட்டால் மட்டுமே வட்ஸ்அப். அதுவும் கோப்பின் பெயரிலேயே கம்பனியும் பதவியும் இருக்கும்படி.

காணொளியே எடுக்க விரும்பாதவர்களும் மேசைக்கு வருகிறார்கள், பெரும்பாலும் பெண் பிள்ளைகள், சில சமயம் வீட்டார் விரும்பாததால். அவர்களுக்கு, முகம் இல்லாமல் குரல் மட்டும் உள்ள பதிவையோ பத்து நிமிடத் தொலைபேசி அழைப்பையோ முன்வைக்கும் பதிலை எழுதிக் கொடுக்கிறோம். சில முகவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். சிலரிடமிருந்து பதிலே வருவதில்லை. அப்படிப் பதில் வராத இடத்தில், முகவரைத் தாண்டி கம்பனியின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் நேரடியாக விண்ணப்பிக்கச் சொல்கிறோம்.